கண்மாய் உடைந்த இரவும் ஊரின் ஆள்கணக்கும்

2021 கார்த்திகையில் எங்கள் ஊர்க் கண்மாய் உடைந்தது. சிவகங்கை மாவட்டத்தின் தெற்கே, ராமநாதபுரம் எல்லையை ஒட்டிய சின்ன ஊர். பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் இரண்டு மூன்று குடும்பங்களை அடையாளம் காட்டியது போலாகிவிடும். உயிர்ச்சேதம் எதுவும் இல்லை. அந்த மாதம் தமிழ்நாடு முழுக்க மழை அடித்துப் பெய்துகொண்டிருந்ததால் இப்படி ஒரு சின்னக் கண்மாய் உடைந்ததை வெளியூரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

எல்லோரும் மழையைக் காரணம் சொன்னார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. என் அப்பா காலத்தில் இதைவிடப் பெரிய மழையிலெல்லாம் அந்தக் கரை நின்றிருக்கிறது. அதனால் அடுத்த சில மாதங்கள் ஊருக்குப் போகும்போதெல்லாம் அன்று கரையில் நின்றவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டு, எந்த நேரத்தில் என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதினேன். நானும் ஊரை விட்டுப் போய் மதுரையில் இருப்பவன்தான். அந்த இரவில் தாமதமாக வந்து சேர்ந்தவர்களில் ஒருவன்.

கண்மாய்

முதலில் கண்மாயைச் சொல்லிவிடுகிறேன். அதில் தண்ணீர் பாயும் நிலம், அதாவது ஆயக்கட்டு, 90 ஏக்கர். தமிழ்நாட்டில் 39,000-க்கு மேல் ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ளவை பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியக் கணக்கில் வரும், எங்களுடையது அப்படி ஒன்று. கரை ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. மேலமடை, கீழமடை என்று இரண்டு மடை. கிழக்கு ஓரத்தில், நிறைந்து மிஞ்சும் தண்ணீர் வழிந்து போகக் கலுங்கு. நிறைந்து நின்றால் கீழமடைப் பக்கம் ஒன்பது அடித் தண்ணீர் இருக்கும்.

எங்கள் பக்கம் ஆவணி, புரட்டாசியில் புழுதி விதைப்பு. காய்ந்த மண்ணில் நெல்லை விதைத்துவிட்டு வடகிழக்குப் பருவமழைக்காகக் காத்திருப்போம். மழையில் பயிர் எழும்பி வளர்ந்துவிடும். கண்மாய்த் தண்ணீர் தேவைப்படுவது பிற்பாடு, மழை நின்று கதிர் வாங்கி பால் பிடிக்கும் மார்கழி, தையில். அந்த இரண்டு மூன்று தண்ணீர் கிடைத்தால் நெல், கிடைக்காவிட்டால் பதர். அதனால் கார்த்திகையில் கண்மாய் உடைந்தால் மூழ்கிய பயிர் மட்டும் நட்டமில்லை. தையில் பாய வேண்டிய தண்ணீரும் அன்றைக்கே போய்விடுகிறது.

அந்த நாள்

மாலை 3 மணிக்குத்தான் விஷயம் கண்ணில் பட்டது. பார்த்தவர் நீர்ப்பாய்ச்சி. அவருக்கு அப்போது 71 வயது. மடையைத் திறப்பது, அடைப்பது, வயல் வயலாகத் தண்ணீர் கட்டுவது, மழைக்காலத்தில் தினமும் கரையை நடந்து பார்ப்பது எல்லாம் அவர் வேலை. கீழமடைக்கு முப்பது அடி தள்ளி, கரையின் வெளிப்பக்க அடிவாரத்தில் ஈரம் இருந்தது. குனிந்து பார்த்தால் சுண்டுவிரல் தடிமனுக்கு ஓர் ஊற்று.

ஊற்று இருப்பதே ஆபத்தில்லை. மண் கரை என்றால் கசியத்தான் செய்யும். எதைப் பார்க்க வேண்டும் என்பதைப் பெரியவர் பின்னால் எனக்குச் சொன்னார்: "தெளிஞ்ச தண்ணி வந்தா வீட்டுக்குப் போயித் தூங்கலாம் தம்பி. கலங்கி வந்தா உள்ள மண்ணு கரையுதுன்னு அர்த்தம்." அவர் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிப் பார்த்திருக்கிறார். உள்ளங்கையில் மண் தங்கியது. எலியோ நண்டோ போட்ட வளை, அல்லது பட்டுப்போன சீமைக்கருவேல வேர் விட்டுப்போன பொந்து. அதன் வழியாகத் தண்ணீர் உள்ளிருந்தே கரையை அரித்துக்கொண்டு வருகிறது. இப்படி அரிக்க ஆரம்பித்தால் ஓட்டை பெரிதாகும், பெரிதாக ஆக வேகம் கூடும், வேகம் கூடக் கூட மண் இன்னும் சீக்கிரம் போகும். ஆறேழு மணி நேரமோ பத்து மணி நேரமோதான் அவகாசம் இருக்கும்.

அந்த அவகாசத்துக்குள் செய்ய வேண்டியது பெரியவருக்குத் தெரியும். வெளியே ஊற்று வரும் வாயை நேராக அடைக்கக் கூடாது. அடைத்தால் தண்ணீர் வேறு இடத்தில் பீறிட்டுக்கொண்டு வரும். ஊற்றைச் சுற்றிக் கிணற்று உறை மாதிரி வட்டமாக மண்மூட்டை அடுக்கி, உள்ளே தண்ணீர் தேங்கி உயர விட வேண்டும். தேங்கிய தண்ணீரின் கனமே ஊற்றின் வேகத்தைத் தணிக்கும், மண் வருவது நிற்கும். இன்னொரு பக்கம், கண்மாயின் உள்பக்கம் இறங்கி, தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே போகும் இடத்தைக் கண்டுபிடித்து வைக்கோல் பிரியும் மூட்டையும் வைத்துத் திணிக்க வேண்டும். மூன்றாவதாக, மடைகளையும் கலுங்கையும் திறந்து தண்ணீர் மட்டத்தைக் குறைக்க வேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டிய வேலை. நாற்பது பேராவது இருந்தால்தான் நடக்கும்.

3.40-க்கு அவர் ஊர்ப் பெரியதனக்காரருக்குப் போன் செய்தார். 4.10-க்கு ஊர் வாட்ஸப் குழுவில் படத்தோடு தகவல் வந்தது. குழுவில் 180-க்கு மேல் ஆள் இருக்கிறார்கள். திருப்பூர், கோவை, சென்னை, பெங்களூர், துபாய், சிங்கப்பூர். அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் 38,000 ரூபாய் வந்து சேர்ந்தது. யாரும் கேட்டுக்கூட வாங்கவில்லை, அவரவர் தாங்களாகவே ஜிபே போட்டார்கள். துபாயில் லாரி ஓட்டும் ஒரு பையன் தன் ஒரு வாரச் சம்பளத்துக்கு ஈடாக அனுப்பியிருந்தான். ஊரை மறந்துவிட்டார்கள் என்று வெளியே போனவர்களைத் திட்டுகிறவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் 6 மணிக்குக் கரையில் இருந்தவர்கள் 11 பேர். ஐந்து பேர் பெண்கள். ஐம்பது வயதுக்குக் கீழே இரண்டே பேர். அதில் ஒருவன் பிளஸ் டூ படிக்கிற பையன்.

சிமெண்டுச் சாக்கில் மண்ணை நிரப்பினால் நாற்பது கிலோவுக்கு மேல் வரும். அறுபத்தைந்து வயதுக்காரர் ஈரக் கரையில் அதைத் தூக்கி நடக்க முடியாது. பெரியவர் பாதி நிரப்பினால் போதும் என்றார். பாதி மூட்டைதான் நன்றாகப் படியும், அதனால் அது பாதகமில்லை. ஆனால் அந்த ஈர மண்ணை வெட்டவும் ஆள் வேண்டும். 6.30-க்கு இரண்டு பேர் கீழமடையைத் திறக்கப் போனார்கள். திருகி ஏற்றும் மடை அது, மூன்று வருடமாகக் கிரீஸ் பார்க்கவில்லை. சக்கரம் பாதிச் சுற்றிலேயே நின்றுவிட்டது. கம்பியை வைத்து நெம்பியதில் தண்டு வளைந்தது. கலுங்கில் தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் பலகைக் கல்லை எடுக்கப் போனவர்கள் கல்லுக்கும் தூணுக்கும் நடுவே கருவேல வேர் பின்னிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, அரிவாள் எடுத்துவரத் திரும்பி வந்தார்கள்.

வந்த பணத்தில் ஜேசிபி சொல்லியிருந்தார்கள். 8 மணிக்கு வந்தது. கரை மேல் ஏற முடியவில்லை, இருநூறு மீட்டருக்குக் கருவேல மரம் அடைத்துக்கொண்டிருந்தது. அடிவாரமாகப் போகப் பார்த்து, வயல் சேற்றில் முன்சக்கரம் புதைந்தது.

நானும் இன்னும் இரண்டு பேரும் மதுரையிலிருந்து காரில் போய்ச் சேர்ந்தபோது மணி 10.15. அதற்குள் அறுபது மூட்டை அடுக்கியிருந்தார்கள். வட்டம் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது, இடுப்பளவு வர வேண்டும். மழை விடவில்லை. டார்ச் வெளிச்சத்தில் மூட்டை கடத்திக்கொண்டிருந்தவர்களில் என் சித்தியும் இருந்தார். அவருக்கு முட்டி வலி, தரையில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். வரிசையில் நின்று மூட்டையை வாங்கி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

2.30-க்குக் கரை போனது. முதலில் மேலே ஒரு பள்ளம் விழுந்தது. பெரியவர் எல்லோரையும் இரண்டு பக்கமும் ஓடச் சொன்னார். இரண்டு நிமிடத்தில் இருபது அடி அகலத்துக்கு வாய் பிளந்துவிட்டது. விடியும்போது திருப்பூரிலிருந்தும் கோவையிலிருந்தும் பஸ் பிடித்து வந்தவர்களையும் சேர்த்து முப்பது பேருக்கு மேல் இருந்தோம், புதிதாக வந்தவர்கள் எல்லோரும் வாலிபர்கள். கண்மாயில் முழங்கால் தண்ணீர்தான் மிச்சம்.

பட்டியலில் வளர்ந்த ஊர்

எங்கள் ஊரில் கோயில் வரி தலைக்கட்டுக் கணக்கில் வசூலாகும். கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. அப்பா காலத்து வரி நோட்டில் 118 தலைக்கட்டு இருக்கிறது. 2021 நோட்டில் 131. நோட்டை மட்டும் பார்த்தால் ஊர் வளர்ந்திருக்கிறது. உடைப்புக்கு அடுத்த வாரம் நான் தெருத் தெருவாக நடந்து எண்ணினேன். 74 வீடு பூட்டிக் கிடந்தது. மீதி 57-ல் 23 வீட்டில் ஒரே ஆள், பெரும்பாலும் விதவை அம்மாக்கள்.

வெளியே போனவர்கள் ஊரோடு உறவை விடவில்லை. வரி தருகிறார்கள், திருவிழாவுக்கு வருகிறார்கள், கல்யாணத்துக்கும் சாவுக்கும் வருகிறார்கள். 2022-ல் கும்பாபிஷேகம் நடந்தபோது ஊரே நிறைந்து வழிந்தது. இழவு விழுந்தால்கூட, பிள்ளைகள் வந்து சேரும்வரை உடலைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து ஒரு நாள் தள்ளிவைக்க முடிகிறது. கும்பாபிஷேகத்துக்குத் தேதி குறிக்கலாம், சாவை ஒரு நாள் தள்ளலாம். ஊற்றுக் கலங்கிவிட்டால் அதைத் தள்ளிவைக்க முடியாது. எட்டு மணி நேரத்துக்குள் கரையில் வந்து நிற்கும் கை என்று ஒன்று இருக்கிறது. ஊர் இழந்தது அதைத்தான். பணமாகவோ போனாகவோ அதை அனுப்பிவைக்க முடியவில்லை.

இந்தக் கையின் மதிப்பு வெள்ளைக்காரனுக்கே தெரிந்திருந்தது. குடிமராமத்துச் சட்டம் என்று நாம் சொல்லும் 1858-ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டம், வழக்கமான மராமத்து வேலைக்கு வர மறுப்பவர்களிடம் அந்த வேலைக்கான கூலியைப் போல இரண்டு மடங்கு வசூலிக்க இடம் கொடுத்தது. அதே சட்டத்தின் முதல் நோக்கம், கரை உடையும் ஆபத்து வந்தால் சுற்றுவட்டாரத்தில் வேலை செய்யத் தெம்புள்ள ஆண்களை உடனே கூப்பிடும் அதிகாரத்தைக் கொடுப்பது. கட்டாய உழைப்பை நான் நியாயப்படுத்தவில்லை. கண்மாய் என்றால் மழைக்கால இரவில் திரளும் ஆட்படை அதன் ஓர் உறுப்பு, மடையும் கலுங்கும் போல, என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஜப்பானில் ஓனோ அகிரா என்ற சமூகவியல் அறிஞர் 1990-களின் தொடக்கத்தில் மலைக் கிராமங்களை ஆராய்ந்துவிட்டு, எல்லையைத் தொட்ட ஊர்கள் என்று ஒரு வகையைப் பிரித்துச் சொன்னார். ஊரில் பாதிப்பேருக்கு மேல் 65 வயதைத் தாண்டியிருக்க வேண்டும் என்ற கணக்கைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். அவர் சொன்னதில் இன்னொரு பாதியும் உண்டு. பாதை பராமரிப்பு, இழவு, திருவிழா போன்ற பொதுக்காரியங்களைச் சேர்ந்து நடத்த முடியாமல் போவது. எங்கள் ஊர்க் கதையில் எனக்கு அந்த இரண்டாவது பாதிதான் தெரிகிறது. வயது கூடியதாலேயே ஊர் முடங்கிவிடுவதில்லை. எங்கள் ஊர்க் கிழவர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். எல்லோருமாகச் சேர்ந்து செய்ய வேண்டியதுதான் முதலில் போகிறது.

கரைக்கு முன்னால் போனவை

உடைப்பு ஒரு ராத்திரியில் நடந்தது. அதற்கான காரியம் இருபது வருடமாக நடந்துகொண்டிருந்தது. அதில் இரண்டை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

ஒன்று, கடைமடை, அதாவது கால்வாயின் கடைசியில் இருக்கும் வயல்கள். மடையிலிருந்து வெளியே போகும் கால்வாயை அவரவர் வயலை ஒட்டிய நீளத்துக்கு அவரவர் வெட்டிச் சுத்தம் செய்வது வழக்கம். நடுவில் ஒருவர் வயலைத் தரிசாகப் போட்டுவிட்டு சென்னைக்குப் போனால், அவர் நீளத்துக்குக் கால்வாய் தூர்ந்துவிடும். அவருக்கு நட்டமில்லை, அவருக்குக் கீழே இருப்பவருக்குத்தான் தண்ணீர் வராது. கீழே இருப்பவர் இரண்டு வருடம் பார்ப்பார், மூன்றாவது வருடம் அவரும் விதைக்க மாட்டார். இப்படிக் கடைமடையிலிருந்து மேல் நோக்கித் தரிசு ஏறி வந்தது. 90 ஏக்கரில் 2021-ல் விதைத்தது 34 ஏக்கர்.

விதைப்பு சுருங்கியதும் வேறொன்று நடந்தது. ஆயக்கட்டு முழுக்கப் பச்சையாக இருந்த காலத்தில் பன்றியும் மயிலும் தின்றது போக எல்லோருக்கும் மிஞ்சியது. இப்போது அதே அளவு பன்றி இந்த 34 ஏக்கரில் இறங்குகிறது. தரிசில் வளர்ந்த கருவேலங்காட்டில் பகலில் படுத்துக்கொள்ள அதற்கு இடமும் கிடைத்துவிட்டது. அறுவடை மிஷின்காரரும் அங்கங்கே சிதறிக் கிடக்கிற இரண்டு மூன்று ஏக்கருக்காக வண்டியைக் கொண்டுவர யோசிக்கிறார். ஆகவே ஒருவர் விதைப்பதை நிறுத்தினால் பக்கத்து வயல்காரருக்கு விதைக்கும் செலவு கூடுகிறது. ஒருவர் போனதால் அடுத்தவரும் போகிறார் என்றால் மனம் மாறிப் போவதாக நினைக்கிறோம். எங்கள் ஊரில் அது கணக்கு.

சீமைக்கருவேலத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் எல்லோரும் பேசியாகிவிட்டது. 2017-ல் நீதிமன்ற உத்தரவின் பேரில் மாவட்டம் முழுக்க வெட்டினார்கள். எங்கள் கண்மாயிலும் வெட்டினோம். வேரோடு எடுக்காத இடத்தில் அடிக்கட்டையிலிருந்து நாலைந்து கிளையாகத் திரும்பவும் வந்துவிட்டது. ஆடு காயைத் தின்றுவிட்டுப் புழுக்கையோடு விதையைக் கொண்டுவந்து போடும். ஒவ்வொரு வருடமும் கன்றாக இருக்கும்போதே பிடுங்க ஆள் இருந்தால் அது பிரச்சனையே இல்லை. ஒரு முறை வெட்டுவதற்குப் பணம் கிடைக்கிறது. வருடா வருடம் பிடுங்க ஆள் கிடைப்பதில்லை.

நூறு நாள் வேலை இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது. அதில் வந்தவர்கள் அறுபது வயதை ஒட்டிய பெண்கள். கோடையில், கண்மாயின் உள்வாயில் மேட்டுப் பக்கமாக அளந்து விட்ட பள்ளத்தை வெட்டினார்கள். அவர்கள் செய்ததைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஊரில் வேலைக்கு வருகிற நிலையில் இருந்தவர்கள் அவர்கள்தான். ஆனால் மடைக்குக் கிரீஸ் போடுவதும் கலுங்கு வேரை வெட்டுவதும் அந்த வேலைப்பட்டியலில் வரவில்லை.

இரண்டாவது காரணம் நீர்ப்பாய்ச்சி. இதை மென்று முழுங்காமல் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் நீர்ப்பாய்ச்சி வேலை தலைமுறை தலைமுறையாக ஒரே தலித் குடும்பத்தின் மேல் சுமத்தப்பட்டிருந்தது. கூலி என்று பேசிய ரொக்கம் கிடையாது. அறுவடைக் களத்தில் ஏக்கருக்கு இத்தனை மரக்கால் நெல் என்று கொடுப்பார்கள், அதற்குச் சுதந்திரம் என்று பெயர். விளையாத வருடம் அதுவும் இல்லை. விதைப்பு 90 ஏக்கரிலிருந்து 34 ஆனபோது அவர் கூலியும் அதே அளவுக்குத் தேய்ந்தது. நடக்க வேண்டிய கரையின் நீளமோ குறையவில்லை. அவருடைய மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பேத்தி நர்சிங் படிக்கிறாள். அந்தப் பையன் இந்த வேலைக்குத் திரும்பி வர வேண்டும் என்று நினைக்கிற உரிமை ஊரில் யாருக்கும் இல்லை. அவன் போனது சரி. ஆனால் எந்த மடையில் எத்தனை திருகுக்கு எவ்வளவு தண்ணீர் போகும், கரையில் எந்த இடம் பழைய உடைப்பு, எங்கே ஊற்று வழக்கம் என்பதெல்லாம் அவன் அப்பாவின் தலையில் மட்டும் இருந்தது. அதைக் கேட்டு எழுதி வைக்க நாங்கள் யாரும் அதுவரை போகவில்லை. அது முழுக்க முழுக்க எங்கள் தவறு.

பிறகு செய்தது

அந்த வருடம் 34 ஏக்கரில் ஏழு ஏக்கர் மண் மூடிப் போனது, மீதியில் பாதிக்கு மேல் தையில் தண்ணீர் இல்லாமல் பதரானது. உடைப்பை அடுத்த கோடையில் அரசுச் செலவில் அடைத்துக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஊரில் உட்கார்ந்து பேசினோம். பையன்களைத் திரும்ப வரவைப்பது எப்படி என்றுதான் முதல் கூட்டம் தொடங்கியது. ஒரு மணி நேரம் அதிலேயே போனது. அப்புறம் பெரியவர்தான் சொன்னார்: "வரமாட்டாக. இருக்குற ஆளுக்கு என்ன செய்ய முடியும்னு பாருங்க."

அங்கிருந்துதான் உருப்படியான பேச்சு ஆரம்பித்தது.

வாட்ஸப் குழுவில் இருக்கும் 180 பேரை விட்டுவிட்டு, ராத்திரி எந்த நேரம் கூப்பிட்டாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் கரைக்கு வந்து சேரக்கூடியவர்கள் யார் என்று ஒரு பட்டியல் போட்டோம். தேவகோட்டை, பரமக்குடி, காளையார்கோவில் பக்கம் கடை வைத்திருப்பவர்கள், பைக் வைத்திருப்பவர்கள். பதினான்கு பேர் தேறினார்கள். நான் அதில் இல்லை. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் இவர்களுக்கு மட்டும் தனிக் குழு.

மூட்டையை மழையில் நிரப்புவது முட்டாள்தனம் என்று புரிந்தது. இப்போது ஆடியில், மண் காய்ந்திருக்கும்போதே, பாதி பாதியாக 250 மூட்டை நிரப்பி, கரையில் மூன்று இடத்தில் பனையோலையும் தார்பாயும் போட்டு மூடி வைக்கிறோம். காய்ந்த மண்ணை நிரப்புவது வயதானவர்களால் நிதானமாக, பத்து நாளில் செய்ய முடிகிற வேலை. ராத்திரியில் நாற்பது பேர் செய்ய வேண்டியதில் பாதியை ஆடியிலேயே கிழவர்கள் செய்துவிடுகிறார்கள். இந்த யோசனை என் சித்தியுடையது. சாக்கு வெயில் பட்டால் நைந்துபோகும், அதனால் வருடா வருடம் நாற்பது ஐம்பதை மாற்ற வேண்டியிருக்கிறது.

பணம் வெளியிலிருந்து வருகிறது. ஆயக்கட்டில் நிலம் வைத்திருப்பவர்கள், விதைத்தாலும் விதைக்காவிட்டாலும், ஏக்கருக்கு வருடம் 600 ரூபாய். கோயில் வரியைப் போலவே நோட்டில் பெயர் எழுதி வாங்குகிறோம். முதல் வருடம் பதினோரு பேர் தரவில்லை, நிலத்தையே மறந்துவிட்டவர்கள் அவர்கள். இதில்தான் கரைப் பாதையில் மரம் எடுக்கிறோம், மடைக்குக் கிரீஸ் போடுகிறோம், கலுங்கு வேர் வெட்டுகிறோம், நீர்ப்பாய்ச்சிக்கு மாதச் சம்பளம் தருகிறோம். சுதந்திரம் என்ற பேச்சே இனி இல்லை. பெரியவர் ஒரு வருடம் கூட இருந்து வேறொருவருக்குக் கற்றுக்கொடுத்தார். குவைத்திலிருந்து திரும்பி வந்தவர், வேறு சாதி, 54 வயது. பெரியவர் கரை நெடுக நடந்து சொன்னதைப் பதினேழு இடமாகக் குறித்து ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறோம்.

பத்து வருடம் கழித்து அந்த 54-க்கு 64 ஆகும். பதினான்கு பேர் பட்டியல் இப்போது பன்னிரண்டு. ஒருவர் கடையை மூடிவிட்டுக் கோவை போய்விட்டார், ஒருவர் இறந்துவிட்டார். இது எவ்வளவு நாள் தாங்கும் என்று கூட்டத்தில் ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்கிறார்கள்.

கடைசியாக எடுத்த முடிவுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. கலுங்கில் மேல் வரிசைப் பலகைக் கல்லை நிரந்தரமாக எடுத்துவிடலாமா என்பது. எடுத்தால் கண்மாய் ஒன்றரை அடி குறைவாகத்தான் நிறையும். ஒன்பது அடியில் ஒன்றரை அடி என்றால் ஆறில் ஒரு பங்கு என்று தோன்றும். அப்படி இல்லை. கண்மாய் தாம்பாளம் மாதிரி, மேலே போகப் போக விரியும். அந்த மேல் ஒன்றரை அடியில்தான் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குத் தண்ணீர் நிற்கிறது. அவ்வளவையும் வேண்டாம் என்று விட வேண்டும். ஆனால் கரை மேல் அழுத்தத்தைக் கூட்டுவதும், பழைய பொந்துகளில் தண்ணீரைத் தள்ளுவதும் அந்த மேல் தண்ணீர்தான். 34 ஏக்கருக்கு மீதித் தண்ணீர் தாராளமாகப் போதும். 90 ஏக்கருக்குப் போதாது.

எழுபது வயதைத் தாண்டிய இரண்டு பேர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. கண்மாய் நிறையாத ஊர் என்று பெயர் வாங்கவா என்று ஒருவர் கேட்டார். மற்றவர் வாய் திறக்காமல் எழுந்து போய்விட்டார். அவருடைய வயல் கடைமடையில் இருக்கிறது, பன்னிரண்டு வருடமாகத் தரிசு. மேல் வரிசைக் கல்லை எடுத்தால் அந்த வயலுக்கு இனி எப்போதும் தண்ணீர் கிடையாது என்பது அவருக்குத் தெரியும். மகன் சென்னையில் வீடு வாங்கிவிட்டான் என்பதும் தெரியும்.

அடுத்து நல்ல மழை பெய்த கார்த்திகையில் நான் ஊரில் இருந்தேன். கண்மாய் புதிய மட்டத்துக்கு வந்ததும் கலுங்கு வழிந்தது. பட்டியலில் இருந்தவர்களில் ஒன்பது பேர் வந்திருந்தார்கள். மூட்டையைத் தொட வேண்டிய தேவை வரவில்லை. குவைத்காரர் டார்ச்சோடு கரையின் வெளிப்பக்கம் நடந்து, கீழமடைப் பக்கம் குனிந்து தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, தெளிவாக இருக்கிறது என்று சத்தம் கொடுத்தார். கலுங்குத் தண்ணீர் விடிய விடிய ஓடையில் போய்க்கொண்டிருந்தது. வெளியே எடுத்துப் போட்ட கற்களைக் கலுங்கின் ஓரத்திலேயே அடுக்கி வைத்திருக்கிறோம்.